93 டிகிரியிலேயே கொதிக்கும் பால்... அட்டுவம்பட்டி குளிரில் கோவா கிளறுவது எப்படி?

சமவெளியிலிருந்து கொடைக்கானல் பக்கம் குடிவருபவர்களுக்குச் சமையலறை சொல்லித்தரும் முதல் பாடம், பருப்பு சீக்கிரம் வேகாது என்பதுதான். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் அட்டுவம்பட்டியிலும் இதே கதைதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்; உள்ளே கிடக்கும் பருப்பு மட்டும் கல்லாகவே இருக்கும்.

காரணம், உயரம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. அதனால்தான் பருப்பு வேக நேரம் பிடிக்கிறது.

அப்படியென்றால், ஒரு லிட்டர் பாலை மணிக்கணக்கில் சுண்டவைத்துச் செய்யும் கோவா என்ன ஆகும்? மலையில் இன்னும் நேரம் எடுக்குமா? பதம் மாறுமா? பண்டிகைக்குக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு, மலையோ சமவெளியோ, உதவக்கூடிய விஷயங்களைப் பார்ப்போம்.

சுண்டுவதற்கு உயரம் தடையில்லை

பருப்பு வேகவைப்பதும் பால் சுண்டவைப்பதும் வேறு வேறு வேலைகள். பருப்பு வேக, குறிப்பிட்ட சூடு வேண்டும். பால் சுண்ட, அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். ஒரு லிட்டர் பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல சுமார் ஆறு மடங்கு வெப்பம், அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கத் தேவை. கோவா செய்யும் நேரமெல்லாம் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் போகிறது.

அந்த வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது, அடுப்பிலிருந்து பாத்திரத்துக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்பது. கொதிப்பது 100 டிகிரியிலா, 93 டிகிரியிலா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. மலையில் நேரத்தைத் தின்பது உயரமல்ல. ஜன்னல் வழியே வரும் குளிர்காற்று. அது தீயைச் சாய்த்துவிடும். பாத்திரத்தின் பக்கங்களையும் ஆறவைத்துவிடும். எனவே, அடுப்புக்கு நேராக இருக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆவி வெளியேற வழி வேண்டும். தீக்கு நேராகக் காற்று வரக் கூடாது.

உயரம் தன் வேலையைக் காட்டும் இடம், சர்க்கரைப் பாகும் எண்ணெய்ச் சட்டியும்தான். அதைக் குலோப் ஜாமூன் செய்யும்போது பார்க்கலாம்.

எந்தப் பாக்கெட்டை வாங்குவது?

கோவாவின் தரம் பாதிக்கு மேல் பால் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

பாலில் தண்ணீர் போக மீதி இருப்பது இரண்டு. ஒன்று, கொழுப்பு. இன்னொன்று, புரதமும் பால் சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்ந்த கொழுப்பல்லாத திடப்பொருள். நிறை கொழுப்புப் பாலில் (ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்) கொழுப்பு 6 சதவிகிதம், மற்ற திடப்பொருள் 9 சதவிகிதம். ஆக மொத்தம் 15. நிலைப்படுத்தப்பட்ட பாலில் (பச்சை பாக்கெட்) 4.5-ம் 8.5-ம் சேர்ந்து 13. சமன்படுத்தப்பட்ட பாலில் (நீல பாக்கெட்) 3-ம் 8.5-ம் சேர்ந்து 11.5. எந்த நிறுவனத்தின் பாலாக இருந்தாலும் இந்த எண்கள் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும்.

ஒரு லிட்டர் பாலின் எடை சுமார் 1,030 கிராம். நிறை கொழுப்புப் பாலில் அதன் 15 சதவிகிதம், அதாவது சுமார் 154 கிராம் திடப்பொருள் இருக்கிறது. நல்ல கோவாவில் 30 சதவிகிதம் அளவுக்கு ஈரம் மிஞ்சியிருக்கும். மீதி 70 சதவிகிதம்தான் அந்த 154 கிராம். அப்படியானால் கையில் கிடைக்க வேண்டிய கோவா சுமார் 220 கிராம். இதே கணக்கில் பச்சை பாக்கெட்டில் 190 கிராம், நீல பாக்கெட்டில் 170 கிராம் கிடைக்கும்.

எடை குறைவது மட்டுமல்ல பிரச்னை. கோவாவின் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், அதில் குறைந்தது 30 சதவிகிதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) விதி. நிறை கொழுப்புப் பாலில் 15-க்கு 6 என்றால் 40 சதவிகிதம். பச்சை பாக்கெட்டில் 13-க்கு 4.5, அதாவது ஏறக்குறைய 35 சதவிகிதம். நீல பாக்கெட்டில் 11.5-க்கு 3 என்பது 26 சதவிகிதம்தான். எவ்வளவு பொறுமையாகக் கிளறினாலும் நீல பாக்கெட் பாலில் விதிப்படியான கோவா வராது. வறண்டு, கொஞ்சம் ரப்பர்போல இழுபடும். `கைப்பக்குவம் சரியில்லை' என்று வருத்தப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் சரியில்லாதது பாக்கெட்டின் நிறம்தான்.

மாடு வைத்திருப்பவர்களிடம் நேராகப் பால் வாங்குகிறீர்களா? பசும்பாலில் லிட்டருக்கு சுமார் 180 கிராமும், எருமைப் பாலில் 230 கிராம் வரையும் எதிர்பார்க்கலாம். பசும்பால் கோவா வெளிர் மஞ்சளாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். எருமைப் பால் கோவா வெள்ளையாக, மணல்மணலாக, மென்மையாக வரும்.

ஒரு எச்சரிக்கை... நேற்று மாலை கறந்து வெளியில் வைத்திருந்த பால் வேண்டாம். லேசாகப் புளிக்கத் தொடங்கிய பால், காபிக்குக் காய்ச்சும்போது திரியாமல் தப்பிவிடும். சுண்டும்போது தண்ணீர் போகப் போக அதிலிருக்கும் புளிப்பு செறிவாகும். பாதி வழியில் திரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால், முதலில் அரை டம்ளர் பாலைச் சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்துப் பாருங்கள். துகள் துகளாகப் பிரியாவிட்டால் மீதியை அடுப்பில் ஏற்றலாம்.

கடாயை முதலில் எடை போடுங்கள்

அடி கனமான, வாய் அகன்ற கடாயோ உருளியோ வேண்டும். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம். குறுகலான பாத்திரத்தில் ஆவியாகும் பரப்பு குறைவு. பொங்கும் ஆபத்து அதிகம். ஒரு லிட்டர் பாலுக்கு, பால் கால் பாகத்துக்கு மேல் ஏறாத அளவு பெரிய கடாயாக இருந்தால் நிம்மதி. கிளறுவதற்கு நுனி தட்டையான மரக்கரண்டி அல்லது தோசைக்கரண்டி. குழிக்கரண்டி கடாயின் அடியைத் தொடாது.

இனி, பெரும்பாலான சமையல் குறிப்புகளில் இல்லாத ஒரு வேலை. காலியான கடாயை, கிளறப்போகும் கரண்டியோடு சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இரண்டும் சேர்ந்து 1,100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நிறை கொழுப்புப் பாலில் நமக்கு வர வேண்டியது 220 கிராம். அப்படியானால், கோவா தயாராகும்போது தராசு 1,320 கிராம் காட்ட வேண்டும். வீட்டில் கேக் செய்யப் பயன்படுத்தும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். சூடான கடாயை நேராக வைத்தால் தராசு உருகிவிடும் என்பதால், மேலே ஒரு மரப்பலகையை வைத்து, அதை பூஜ்ஜியமாக்கிக்கொண்டு கடாயை வையுங்கள்.

பதம் பார்க்கப் பழகாத கைகளுக்கு இது பெரிய துணை. சூடாக இருக்கும்போது கோவா எப்போதும் இளகலாகவே தெரியும். `இன்னும் கொஞ்சம்' என்று கிளறிக்கொண்டே போவதில்தான் பலரின் கோவா, ஆறியதும் கல்லாகிறது.

மூன்று கட்டங்கள்

முதல் கட்டம், பொங்கும் கட்டம். பாலை மிதமான தீயைவிடச் சற்று அதிகமாக வைத்துக் கொதிக்கவிடுங்கள். மூடி போடக் கூடாது. இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறி, பக்கங்களில் படியும் ஆடையை உள்ளே தள்ளிவிடுங்கள். காய்ந்த ஆடை பிறகு உள்ளே விழுந்தால் கோவாவில் தோல் தோலாகக் கிடக்கும். பால் பாதியாகும் வரை இப்படியே போகலாம்.

இரண்டாவது, கெட்டியாகும் கட்டம். பால் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகச் சுண்டும்போது நிறமும் அமைப்பும் சட்டென்று மாறும். புரதம் செறிவாகி, வெப்பத்தால் உறையத் தொடங்கும் புள்ளி இது. பசும்பால் ஏறக்குறைய 2.8 மடங்கு செறிவாகும்போதும், எருமைப் பால் 2.5 மடங்கு செறிவாகும்போதும் இது நடக்கும் என்கிறது பால் தொழில்நுட்பம். இங்கிருந்து கையை எடுக்கக் கூடாது. தீயை மிதமாகக் குறைத்து, இடைவிடாமல் கிளற வேண்டும். குமிழிகள் தெறிக்கும், நீளமான கைப்பிடி உள்ள கரண்டி நல்லது.

மூன்றாவது, திரளும் கட்டம். கலவை கடாயின் பக்கங்களை விட்டு நகரத் தொடங்கும். இப்போது தீ மிகச் சிறியதாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறைய இருக்கும் வரை பாலின் சூடு கொதிநிலையைத் தாண்டாது; அதுவே ஒரு பாதுகாப்பு. தண்ணீர் தீரும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சூடு சரசரவென ஏறும், அடி பிடிக்கும். தீய்ந்த கோவாவில் பெரும்பாலானவை கடைசி ஐந்து நிமிடங்களில் தீய்ந்தவைதான்.

கலவை ஒரே உருண்டையாகச் சுருண்டு, ஓரங்களில் நெய் லேசாக மினுக்கும்போது அடுப்பை அணைத்து எடை பாருங்கள். 10, 15 கிராம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. கடாயின் சூட்டிலேயே அது போய்விடும். நெய் தனியாகக் குளம் கட்டி நிற்கிறதென்றால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு லிட்டருக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடாய் அகலமாக இருந்தால் முன்னதாகவும் முடியலாம்.

நடுவில் அடிபிடித்த வாசனை வந்தால், முதலில் கரண்டியை நிறுத்துங்கள். அடியைச் சுரண்டினால் அந்த வாசனை முழுவதும் கலந்துவிடும். மேலே இருப்பதை மட்டும் வேறு கடாய்க்கு மாற்றித் தொடர்ந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். பால் திரிந்து துகள்களாகிவிட்டால், தூக்கிப் போட வேண்டாம். வட இந்திய இனிப்புக் கடைகளில் சிட்ரிக் அமிலம் துளி சேர்த்து வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். `தானேதார்' என்ற அந்த மணல் பத கோவாவில்தான் கலாகந்து செய்கிறார்கள். உங்கள் பால் நாற்றமில்லாமல் இருந்தால், சர்க்கரை சேர்த்து அதே வழியில் முடித்துவிடலாம். ஜாமூனுக்கு மட்டும் அது உதவாது, எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

பால்கோவாவும் திரட்டுப்பாலும்

நாம் இதுவரை செய்தது இனிப்பில்லாத கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பாலும் சர்க்கரையும் சேர்ந்தே சுண்டுகின்றன. அதனால்தான் அதற்குத் தனி நிறமும் மணமும்.

வீட்டில் எளிதான வழி, இனிப்பில்லாத கோவாவை முடிக்கும் நேரத்தில் சர்க்கரை சேர்ப்பது. 220 கிராம் கோவாவுக்கு 60 முதல் 70 கிராம் சர்க்கரை. போட்டதும் திரண்டிருந்த கோவா இளகி ஓடும். பயப்பட வேண்டாம். சர்க்கரை உருகி, கோவாவின் ஈரத்தோடு பாகாகிறது. சிறு தீயில் ஐந்தாறு நிமிடங்கள் கிளறினால் மறுபடி திரளும். முதலிலேயே சர்க்கரை போட்டால் அடிபிடிக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், பழகாத கைகளுக்குக் கடைசியில் சேர்ப்பதே பாதுகாப்பு.

வெல்லம் சேர்த்துச் செய்யும் திரட்டுப்பாலுக்கு இன்னொரு கவனம் வேண்டும். வெல்லத்தில் புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் போட்டால் திரித்துவிடும். எனவே பால் நன்றாகத் திரண்டு கோவா பதம் வந்த பிறகு, 220 கிராமுக்கு 80 முதல் 100 கிராம் வெல்லத்தை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்த்து, சிறு தீயில் மீண்டும் சுருளக் கிளறுங்கள். ஏலக்காயை அடுப்பை அணைத்தபின் போடுங்கள்.

மலையில் குலோப் ஜாமூன்

இங்கேதான் அந்த 93 டிகிரி முக்கியமாகிறது.

ஜாமூனுக்குக் கோவா கொஞ்சம் ஈரமாகவே இருக்க வேண்டும். `தாப்' என்று கடைக்காரர்கள் சொல்லும் மென்பதம் இது. நம் உதாரணத்தில் தராசு 1,320-க்குப் பதிலாக 1,350-ஐக் காட்டும்போதே இறக்கிவிடலாம். ஆறியதும் உள்ளங்கையால் கட்டியில்லாமல் தேய்த்து, 200 கிராம் கோவாவுக்கு 50 கிராம் மைதா, இரண்டு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவுபோல அழுத்திப் பிசைந்தால் ஜாமூன் இறுகிவிடும். சேர்ந்து வந்தால் போதும். உருட்டும்போது விரிசல் விழுந்தால் ஒரு ஸ்பூன் பால் தெளித்துக்கொள்ளுங்கள்.

பாகுக்கு 300 கிராம் சர்க்கரை, 300 மில்லி தண்ணீர். இன்டக்‌ஷன் அடுப்பும் சமையல் தெர்மாமீட்டரும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குறிப்புகளில் பாகுக்குப் போட்டிருக்கும் டிகிரி கணக்கெல்லாம் சமவெளிக்கானது. கொடைக்கானல் உயரத்தில் அதிலிருந்து 7 டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காமல் அதே சூடு வரும் வரை கொதிக்கவிட்டால், தண்ணீர் அளவுக்கு மேல் போய்ப் பாகு முற்றிவிடும், ஜாமூனுக்குள் இறங்காது. நம் பாட்டிகளின் விரல் சோதனைக்கு இந்தப் பிரச்னையே இல்லை. இரு விரல்களுக்கு நடுவே பாகு பிசுக்கென்று ஒட்ட வேண்டும். கம்பி நீளக் கூடாது. அந்தப் பதம் எந்த உயரத்திலும் ஒன்றுதான்.

எண்ணெய்ச் சட்டியில் விஷயம் தலைகீழ். எண்ணெய்க்கு உயரம் தெரியாது; அது 150 டிகிரிக்கும் தாராளமாகச் சூடேறும். ஆனால், உருண்டைக்குள் இருக்கும் ஈரம் 93 டிகிரிக்கு மேல் போகாது. அதனால் மலையில் வெளிப்புறம் சிவந்துவிடும், நடு வேகாமல் நிற்கும். தீயைக் குறைத்து, நிதானமாகப் பொரிப்பதுதான் வழி. ஒரு சின்ன உருண்டையைப் போட்டால் அது அடியில் கிடந்து, சில நொடிகள் கழித்து மெதுவாக மேலே வர வேண்டும். போட்டவுடனே பொங்கி மிதந்தால் எண்ணெய் சூடு அதிகம். ஒரு ஈடுக்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகலாம். முதல் ஈட்டில் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக மாவு தெரிந்தால் அடுத்த ஈட்டுக்கு இன்னும் தீயைக் குறையுங்கள். உருண்டை எண்ணெயில் உடைந்தால் மைதா போதவில்லை, அல்லது கோவாவில் ஈரம் அதிகம் என்று பொருள்.

பொரித்த ஜாமூனைச் சூடான பாகில் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். மலைக்குளிரில் பாகு சீக்கிரம் ஆறி, மேலே சர்க்கரை பூக்கும். பாத்திரத்தை மூடி, கனமான துண்டால் சுற்றிவைத்தால் ஊறும் வரை சூடு நிற்கும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

`இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு?' என்ற எண்ணம் மலையில் சகஜம். கோவாவைப் பொறுத்தவரை அது தவறு. இதில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கிறது. கூடவே, மலைக்காற்றின் ஈரம். பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் 200 கிராம் கட்டிகளாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம் வரை தாங்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்க்கும் நீர் சொட்டி, அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். புளித்த வாடை வந்தாலோ, பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, அந்த இடத்தை மட்டும் நறுக்கி எடுக்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

நேரமில்லாமல் கடையில் வாங்கினால் ஒரு சோதனை. ஒரு ஸ்பூன் கோவாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவுப்பொருள் கலந்திருக்கிறது. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், சாப்பிடக் கூடாது. இந்தச் சோதனை மாவுக் கலப்பை மட்டுமே காட்டும். நெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்திருந்தால் தெரியாது.

விலையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கால் கிலோ கோவாவுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நிறை கொழுப்புப் பால் தேவை. அந்தப் பாலின் விலையைவிடக் குறைவாக யாராவது கால் கிலோ கோவா தருகிறார்கள் என்றால், அதில் பாலைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.